ஜெர்மனித் தோழிக்கு ஒரு பொங்கல் கடிதம்

அன்புத் தோழிக்கு,

அக்டோபர் முதல் ஞாயிறன்று உங்கள் ஊர்த் தேவாலயத்தில் பூசணியும் ஆப்பிளும் ரொட்டியும், கோதுமைக் கதிரால் கட்டிய கிரீடமும் வைத்து அறுவடைக்கு நன்றி சொன்னதை எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊரில் அந்த நாள் எப்போது வரும், அன்று என்ன சமைப்பீர்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு அது ஜனவரியில் வரும். தை மாதத்தின் முதல் நாள், ஆங்கிலத் தேதியில் 14 அல்லது 15. உங்கள் ஊரில் காலை எட்டு மணி வரை இருட்டாக இருக்கும் அந்த நாட்களில் எங்கள் ஊரில் பனி விலகி, வெயில் இதமாக இருக்கும்.

நாங்கள் இருப்பது கும்பகோணத்தை ஒட்டிய காவிரிப் படுகை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். தண்ணீர் வந்ததும் சிலர் குறுவை போடுவார்கள். அது ஐப்பசி மழைக்கு முன்னாலோ மழையோடோ அறுவடையாகிவிடும். பெரிய அறுவடை சம்பா. ஆவணி, புரட்டாசியில் நட்ட பயிர், வடகிழக்கு மழையைத் தாங்கி நின்று, தை பிறக்கும்போது கதிர் முற்றிச் சாயும். தண்ணீர் தாமதமான வருடங்களில் பொங்கலன்று வயல் இன்னும் பச்சையாகவே இருப்பதும் உண்டு. அப்போதும் முந்தி விளைந்த யாராவது ஒருவர் வயலிலிருந்து கொஞ்சம் புது நெல் வந்து சேர்ந்துவிடும். அந்தப் புது அரிசி இல்லாமல் எங்களுக்குப் பொங்கல் கிடையாது.

புது அரிசி நல்ல அரிசி என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற நாட்களில் எங்கள் வீடுகளில் அதற்கு மதிப்பே இல்லை. அறுத்த கையோடு குத்திய அரிசி குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும், சீக்கிரம் குழையும், சோறு ஒன்றோடொன்று ஒட்டும். குழம்பு ஊற்றிப் பிசைந்தால் களியாகிவிடும். வயிற்றுக்கும் கனம் என்பார்கள். ஆறு மாதமாவது கிடந்த அரிசிதான் உதிரியாக வடியும், ஒரு படி போட்டால் சட்டி நிறையும். அதனால் கடைக்காரரிடம் ‘பழைய அரிசியா?’ என்று கேட்டு வாங்குவதே எங்கள் வழக்கம். நாள்தோறும் சாப்பிடுவது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துப் பிறகுதான் அரைக்க வேண்டும். பொங்கலுக்கு அந்த வேலை எதுவும் இல்லை. களத்தில் காய்ந்த நெல்லை அப்படியே குத்தி எடுத்த பச்சரிசி.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். புது அரிசியின் குறை எதுவோ, அதுவே ருசியாக மாறும்படி அமைந்த ஒரே சமையல் சர்க்கரைப் பொங்கல். குழைய வேண்டும், ஒட்ட வேண்டும், பாலும் வெல்லமும் நெய்யும் சோற்றோடு ஒன்றாகக் கலந்துபோக வேண்டும். உதிரியான பழைய அரிசியில் எவ்வளவு நெய் விட்டாலும் அந்தப் பதம் வராது.

வாசலில் கோலம் போட்டு, அதன் நடுவில் அடுப்பு மூட்டுவோம். பானையின் கழுத்தில் இலையும் கிழங்குமாக மஞ்சள் கொத்து கட்டியிருக்கும். பானை வெண்கலமாகவும் இருக்கலாம், மண்ணாகவும் இருக்கலாம். புது மண்பானையை அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிப் பழக்கிய பிறகே அது சூடு தாங்கும். இல்லாவிட்டால் பொங்கும் நேரத்தில் விரிசல் விட்டு, அடுப்பு அணைந்துபோகும். விறகும் தென்னை மட்டையும் பாளையும் எரிபொருள். மட்டை குப்பென்று எரிந்து அடங்கும், அதனால் ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் தள்ளிக்கொண்டே இருப்பார்.

அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரையும் பாலையும் கலந்து, பானையின் கழுத்து வரை ஊற்றி வைப்போம். வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் குமிழி விடுமே தவிர, பொங்கி வழியாது. பாலில் உள்ள புரதம் சூட்டில் மேலே மெல்லிய ஆடையாகப் படியும். அடியிலிருந்து எழும் ஆவி அதைக் கிழிக்க முடியாமல் நுரையாகக் குவிந்து, குறுகிய வாய் வழியே சட்டென்று மேலே வரும். அரிசித் தண்ணீரில் உள்ள மாவும் நுரையை உடையாமல் பிடித்துக்கொள்ளும். நுரை விளிம்பைத் தாண்டியதும் குழந்தைகள் தட்டைத் தட்டி, எல்லோரும் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கூவுவோம். கிழக்குப் பக்கம் வழிந்தால் அந்த வருடம் நல்ல விளைச்சல் என்பது பெரியவர்கள் கணக்கு. பிறகு கொஞ்சம் பாலை முகந்து வைத்துவிட்டு, வீட்டில் மூத்தவர் மூன்று கை அரிசி போட, மீதியை மற்றவர்கள் போடுவோம்.

பெரும்பாலான வீடுகளில் இரண்டு பானை. ஒன்றில் உப்பும் இனிப்பும் சேராத பால் பொங்கல், இன்னொன்றில் சர்க்கரைப் பொங்கல். இரண்டாவதில் வறுத்த பாசிப்பருப்பும் சேரும். இங்கேதான் புதிதாகச் சமைப்பவர்கள் தவறுவார்கள். வெல்லத்தை அவசரப்பட்டுப் போட்டுவிட்டால், அதன் பிறகு எத்தனை நேரம் எரித்தாலும் அரிசி வேகாது. இனிப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அரிசிக்குள் இருக்கும் மாவு இளகத் தண்ணீர் கிடைக்காமல், பருக்கை விறைத்துப்போகும். பாலும் திரியக்கூடும். ஆகவே ஒரு பருக்கையை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் கடுகளவுகூடக் கெட்டியில்லாமல் மசிந்தால்தான் வெல்லத்துக்கு முறை வந்தது. வெல்லத்தையும் கட்டியாகப் போடக் கூடாது. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் மணலும் கரும்புத் தும்பும் கீழே நிற்கும். பாகு சேர்ந்ததும் பொங்கல் நீர்த்துப்போகும். பயப்படாமல் சிறு தீயில் கிளறினால் மறுபடி இறுகும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால், கரண்டியிலிருந்து தளர்வாக விழும் பதத்திலேயே இறக்கிவிட வேண்டும். நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலக்காய், சிட்டிகை பச்சைக் கற்பூரம் கடைசியில்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் பாபநாசத்தைச் சுற்றி அச்சு வெல்லம் காய்ச்சுகிறார்கள். நல்ல வெல்லம் கரும்பழுப்பாக இருக்கும். கடையில் பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். அந்த நிறம் பெரும்பாலும் வெளுக்கும் ரசாயனத்தால் வருவது. எனக்கு இது பெரிய வருத்தம். வாங்குகிறவர்கள் கருத்த வெல்லத்தைக் கேட்க ஆரம்பித்தால் காய்ச்சுகிறவர்களும் மாறுவார்கள். வாசலில் சாய்த்து வைத்து, பிறகு கடித்துத் தின்பது வேறு கரும்பு. செங்கரும்பு, தோல் கருஞ்சிவப்பு. பல்லுக்கு மெதுவானது, சாறு அதிகம். ஏறக்குறைய பத்து மாதப் பயிர். அதைப் பயிரிடுவோர் பெரும்பாலும் இந்த ஒரு விழாவை நம்பியே நடுகிறார்கள்.

இலையில் பொங்கலுக்குத் துணையாக வருவது பல காய் போட்ட குழம்பு. அவரை, பச்சை மொச்சை, வாழைக்காய், பரங்கி, கத்தரி, சர்க்கரைவள்ளி, சேனை. எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். மார்கழிப் பனியில் அவரையும் மொச்சையும் காய்த்துக் குலுங்கும், கிழங்குகளை அப்போதுதான் வெட்டி எடுப்பார்கள். அந்த மாதம் மண் தருவதெல்லாம் அந்தக் குழம்பில் இருக்கும். இதிலும் முறை முக்கியம். சேனையைத் தனியாகப் புளித் தண்ணீரில் வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். மற்ற காய்களில் மொச்சை முதலில், வாழைக்காய் அடுத்து, சீக்கிரம் கரையும் பரங்கியும் சர்க்கரைவள்ளியும் கடைசியில். எல்லாம் வெந்த பிறகே புளி. புளிப்பு முன்னால் போனால் காய் வேகாமல் நின்றுவிடும். மிஞ்சிய குழம்பை மறுநாள் சுண்டவைத்துச் சாப்பிடுவோம். எனக்கு முதல் நாளைவிட அதுதான் பிடிக்கும்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பொங்கலை முதலில் அவற்றுக்கு ஊட்டுவோம். உழவு டிராக்டருக்குப் போய்விட்டதால் மாடு இல்லாத வீடுகள் இப்போது அதிகம். அன்று காலை பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகள் வைத்து, உடன்பிறந்தவர்கள் நலமாக இருக்கக் காக்கைக்குப் படைப்பார்கள்.

உங்கள் சமையலறையில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். இந்தியக் கடையில் பாஸ்மதி வாங்க வேண்டாம். அது கிடந்து பழசாகி உதிர்வதற்கென்றே உள்ள அரிசி. நீங்கள் பாலில் வேகவைத்துச் சாப்பிடும் மில்ஷ்ரைஸ் அரிசி இருக்கிறதே, அந்த உருண்டை அரிசிதான் எங்கள் புது அரிசிக்கு நெருக்கம். சர்க்கரையில் கவனம் வேண்டும். 1747-இல் பெர்லினில் மார்க்கிராஃப் பீட் கிழங்கில் கரும்பில் உள்ள அதே சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தார். அவருடைய மாணவர் ஆகார்ட் அதை ஆலைத் தொழிலாக்கினார். உங்கள் கடையில் கிடைக்கும் வெள்ளைச் சர்க்கரை அனேகமாக அந்தக் கிழங்கிலிருந்து வந்தது. அதில் இனிப்பு இருக்கும், வெல்லத்தின் மணம் இருக்காது. இயற்கை அங்காடியில் சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரையை ஃபோல்ரோர்ட்சுக்கர் என்று விற்பார்கள், அதை வாங்குங்கள்.

அரிசி 200 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 50 கிராம், கொழுப்பு எடுக்காத பால் அரை லிட்டர், தண்ணீர் அரை லிட்டர், சர்க்கரை 300 கிராம், நெய் 75 கிராம். பாலையும் தண்ணீரையும் சிறிய பாத்திரத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றி, ஒரு முறை பொங்கவிடுங்கள். உங்கள் கண்ணாடி அடுப்பில் பால் வழிந்தால் கருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், நுரை விளிம்புக்கு வந்ததும் தூக்கி ஒரு தட்டின் மேல் வைத்துவிடுங்கள், மிச்சம் அங்கே வழியட்டும். பிறகு கனமான பெரிய பாத்திரத்துக்கு மாற்றி, அரிசியும் பருப்பும் போட்டு, சிறு தீயில் அடிக்கடி கிளறுங்கள். இறுகினால் வெந்நீர் விடலாம். பருக்கையை நசுக்கிப் பார்க்காமல் மட்டும் சர்க்கரையில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கும்பகோணத்துத் தோழி