வியாழனா, வெள்ளியா? ஆண்டு விழாவைத் தள்ளிவைக்கும் அறிவிப்பு

2025 பிப்ரவரி 5, புதன்கிழமை. ஈரோடு கிழக்குத் தொகுதியில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. தேர்தல் தேதியை ஜனவரி 7ஆம் தேதிதான் அறிவித்தார்கள். அதற்குள் அந்தத் தொகுதியில் ஏதாவது ஒரு நடுநிலைப் பள்ளி தன் ஆண்டு விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படி ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். விழா பிப்ரவரி 6, வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு. பள்ளியோ வாக்குச்சாவடி. முந்தைய நாளே வகுப்பறைகளைக் கொடுத்துவிட வேண்டும். பந்தல்காரர் உள்ளே வர முடியாது, ஒத்திகை நடத்த முடியாது. தலைமை ஆசிரியர் விழாவை பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறார். முடிவெடுக்க ஐந்து நிமிடம் போதும். அதைக் குழப்பம் இல்லாமல் நானூறு வீட்டுக்குச் சொல்வதுதான் வேலை.

பெரும்பாலான பள்ளிகளில் இந்த அறிவிப்பு எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். "தவிர்க்க முடியாத காரணங்களால் வியாழக்கிழமை நடைபெறவிருந்த ஆண்டு விழா பதினைந்து நாள் தள்ளிவைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." இலக்கணத்தில் பிழை இல்லை, மரியாதையும் குறையவில்லை. ஆனால் என்றைக்கு விழா?

நம் பேச்சில் பதினைந்து நாள் என்றால் இரண்டு வாரம். ஆஸ்பத்திரியில் "பதினைஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்றால் அதே கிழமையில்தான் போய் நிற்கிறோம். அப்படிப் பார்த்தால் பிப்ரவரி 6 வியாழனிலிருந்து இரண்டு வாரம், பிப்ரவரி 20 வியாழன். விரல் விட்டு எண்ணுகிறவருக்கோ 21 வெள்ளி வரும். ஆறாம் தேதியையும் சேர்த்து எண்ணினால் மறுபடியும் 20தான். பள்ளி நினைத்தது 21. ஒரே சொல்லைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் ஒரு நாள் முன்னதாக வந்து நிற்பார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும்.

"அடுத்த வெள்ளி" என்பதும் இதே ரகம். திங்கட்கிழமை ஒருவரிடம் "அடுத்த வெள்ளி விழா" என்று சொல்லிப் பாருங்கள். நாலு நாளில் வரும் வெள்ளியா, அதற்கடுத்த வாரத்து வெள்ளியா என்று திருப்பிக் கேட்பார். நேரில் பேசும்போது கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். தாளில் அச்சாகி வந்த சொல்லிடம் கேட்க முடியாது. அந்தத் தாளை ஒருவர் திங்களன்று படிப்பார், இன்னொருவர் சனிக்கிழமை பையைத் துழாவும்போது எடுத்துப் படிப்பார். படிக்கும் நாளைப் பொறுத்து அர்த்தம் மாறுகிற சொல் எதுவும் அறிவிப்பில் இருக்கக் கூடாது. "நாளை", "இந்த வாரம்", "அடுத்த மாதம் முதல் வாரம்" எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

ஆகவே தேதி வேண்டும், கூடவே கிழமையும் வேண்டும். கிழமையைச் சேர்ப்பதை அழகுக்குச் செய்யும் காரியமாகப் பலர் நினைக்கிறார்கள். அது தேதிக்குப் பக்கத்தில் நிற்கும் காவல்காரன். கரும்பலகையைப் பார்த்து டைரியில் எழுதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை 21ஐ 12 என்று மாற்றி எழுதிவிடுகிறான் என்று வையுங்கள். தேதி மட்டும் இருந்தால் அம்மாவுக்குச் சந்தேகமே வராது. "12, வெள்ளிக்கிழமை" என்று இருந்தால், சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் புரட்டும்போதே மாட்டிக்கொள்ளும். அந்த ஆண்டு பிப்ரவரி 12 புதன்கிழமை.

இது தற்செயலாக நடப்பதல்ல. இலக்கம் இடம் மாறும்போது தேதி 9, 18, 27 என்று ஒன்பதின் மடங்கில்தான் நகரும். 12, 21க்கு இடையே 9 நாள். 13, 31க்கு இடையே 18. 3 என்பதை 30 என்று எழுதினால் 27. இவற்றில் எதுவும் ஏழின் மடங்கு அல்ல. அதனால் ஒரே மாதத்துக்குள் இலக்கம் மாறி விழுந்த எந்தத் தேதிக்கும் பழைய கிழமை பொருந்தாது. பிள்ளைகளும் தட்டச்சு செய்பவர்களும் அதிகம் செய்யும் பிழையைக் கிழமை ஒன்றுவிடாமல் பிடித்துவிடுகிறது.

அதற்கும் எல்லை உண்டு. பிசகு சரியாக ஏழு நாளாக இருந்தால் கிழமை வாய் திறக்காது. 21க்குப் பதில் 28 என்று அச்சானால் அதுவும் வெள்ளிக்கிழமைதான். இதைவிடப் பெரிய பொறி ஒன்று ஆண்டு விழாக்காலத்திலேயே ஒளிந்திருக்கிறது. லீப் அல்லாத ஆண்டில் பிப்ரவரிக்குச் சரியாக 28 நாள், அதாவது நாலு வாரம். அதனால் பிப்ரவரியில் எந்தத் தேதிக்கு எந்தக் கிழமையோ மார்ச்சிலும் அதே. 2025இல் பிப்ரவரி 21 வெள்ளி, மார்ச் 21உம் வெள்ளி. "21.03.2025, வெள்ளிக்கிழமை" என்று மாத எண் மட்டும் தவறிப்போனால் காலண்டரில் பார்த்தாலும் சரியாகவே தெரியும். நம் பள்ளிகள் பலவற்றில் ஆண்டு விழா இந்த இரண்டு மாதங்களில்தான் வருகிறது. மாதத்தை எண்ணால் எழுதாமல் "பிப்ரவரி" என்று எழுத்தால் எழுதுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். 02, 03 ஆவதற்கு ஒரு விரல் நழுவினால் போதும். பிப்ரவரி மார்ச் ஆவது அவ்வளவு எளிதல்ல.

கிழமை தவறுவதற்கும் வழக்கமான காரணம் ஒன்று உண்டு. அலுவலகக் கணினியில் போன ஆண்டு அறிவிப்பு இருக்கும். அதைத் திறந்து தேதியை மாற்றுவார்கள், ஆண்டை மாற்றுவார்கள், கிழமை அப்படியே நின்றுவிடும். ஒரே தேதி அடுத்த ஆண்டில் ஒரு கிழமை நகரும், இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு. 2024இல் பிப்ரவரி 21 புதன், 2025இல் வெள்ளி. "21, புதன்கிழமை" என்று ஓர் அறிவிப்பு வந்தால் பெற்றோர் எதை நம்புவது? என்னைக் கேட்டால் பெரும்பாலோர் கிழமையைத்தான் நம்புவார்கள். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாயில் நடக்கிறது. தறிக்கூலியிலிருந்து வார வசூல் வரை பல வீடுகளின் வாழ்க்கை கிழமைக் கணக்கில்தான் ஓடுகிறது. முதலாளியிடம் "வெள்ளிக்கிழமை சாயங்காலம் லீவு வேணும்" என்றுதான் கேட்பார்களே தவிர "இருபத்தொண்ணாம் தேதி" என்று கேட்பவர் குறைவு. ஆகவே தேதியும் கிழமையும் முரண்பட்டால் எது சரி என்று ஊகிக்கக் கூடாது. பள்ளிக்கு போன் செய்து கேட்க வேண்டும். பள்ளியும் ஒருவருக்கு வாயால் சொல்லிவிட்டு விடாமல், எல்லோருக்கும் திருத்தம் என்று தலைப்பிட்டு மறுபடி அனுப்ப வேண்டும்.

புதிய நாளைச் சரியாகச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. பழைய தேதி ஏற்கெனவே வீடுகளுக்குள் போய்விட்டது. அழைப்பிதழில் இருக்கிறது, தாத்தா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், நாட்டிய உடை வாடகைக்கு விடும் கடைக்காரர் நோட்டில் குறித்திருக்கிறார். புதிய தேதி மட்டும் வந்தால் சிலர் அதை வேறொரு நிகழ்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள். ஆறாம் தேதி ஆண்டு விழா, இருபத்தொன்றாம் தேதி இன்னொரு விழா என்று இரண்டும் காலண்டரில் நிற்கும். எது எதற்குப் பதிலாக வந்தது என்று தெரிய இரண்டு தேதியும் ஒரே தாளில், இரண்டும் கிழமையோடு இருக்க வேண்டும். புதியது முதலில் வரட்டும். பாதி படித்துவிட்டு மடித்து வைப்பவர் கண்ணில் பழைய தேதி மட்டும் பட்டுவிடக் கூடாது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

ஆண்டு விழா தேதி மாற்றம்: விழா ரத்து இல்லை
நாள்: 2025 ஜனவரி 20, திங்கட்கிழமை
அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். நம் பள்ளி ஆண்டு விழா 2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்கு நடைபெறும். முன்பு அறிவித்திருந்த பிப்ரவரி 6, வியாழக்கிழமை அன்று விழா இல்லை. அன்று வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும். பிப்ரவரி 5 இடைத்தேர்தலுக்கு நம் பள்ளி வாக்குச்சாவடியாக இருப்பதால் இந்த மாற்றம். இடமும் நேரமும் மாறவில்லை. ஏற்கெனவே கொடுத்த அழைப்பிதழையே கொண்டு வரலாம்.
தலைமை ஆசிரியர்

இதில் ஒரு வரியை மட்டும் விளக்க வேண்டும். "அன்று வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும்" என்பதைப் பல அறிவிப்புகள் விட்டுவிடுகின்றன. விழா நாளில் காலை வகுப்பு இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தால், விழா தள்ளிப்போனதும் அன்று பள்ளி உண்டா இல்லையா என்ற கேள்வி உடனே எழும். அதற்குப் பதில் இல்லாவிட்டால் மறுநாள் காலை அலுவலக போன் ஓயாது.

மேலே அறிவிப்பின் நாளைக் குறித்ததற்கும் காரணம் உண்டு. விழா இன்னொரு முறை தள்ளிப்போனால் வாட்ஸ்அப்பில் இரண்டு அறிவிப்புகள் சுற்றும். எது பிந்தியது என்று காட்டுவது அந்த ஒரு வரிதான். இரண்டாவது அறிவிப்பில் "ஜனவரி 20 தேதியிட்ட அறிவிப்பு இனிச் செல்லாது" என்று சேர்க்க வேண்டும். படமாக எடுத்துப் பகிரும்போது மேல்பகுதி வெட்டுப்பட்டுவிடும் என்பதால், விழாத் தேதி இருக்கும் வரியிலேயே ஆண்டையும் எழுதுவது நல்லது.

கையெழுத்துப் போடும் முன், அறிவிப்பைத் தயாரிக்காத ஓர் ஆசிரியரிடம் தாளைக் கொடுத்து, காலண்டரைப் பிரித்து மூன்று தேதிகளுக்கும் கிழமையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. அது ஒரு நிமிட வேலை.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய அறிவிப்பை ஒட்டும்போதே பழைய அழைப்பிதழைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். எவ்வளவு தெளிவாக எழுதினாலும் அறிவிப்பு போய்ச் சேராத வீடு ஒன்றிரண்டு இருக்கும். பழைய தேதியன்று மாலை ஐந்தரை மணி வரை ஓர் ஆசிரியர் வாசலில் இருக்கட்டும். அலங்காரத்தோடு வந்து இறங்கும் குழந்தையிடம் விழா என்றைக்கு என்று அவர் நேரில் சொல்லி அனுப்பட்டும்.