ஒட்டுதலும் உறைதலும்: இருவகை மருந்துகள்

ஆஸ்பிரின், வார்பரின் ஆகிய இரு மருந்துகளையும் ‘இரத்தத்தை நீர்க்கச் செய்பவை’ என்று ஒரே பெயரால் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இவை இரண்டுமே இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. இரத்தம் கட்டியாவதில் வெவ்வேறு படிகளை இவை தடுக்கின்றன. ஆகவே ஒன்று பயன்படும் நோயில் மற்றொன்று அதே அளவு பயன்படும் எனக் கொள்ளுதல் ஆபத்தானது.

கட்டி உருவாகும் விதம்

இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்ததும் தட்டணுக்கள் என்னும் மிகச் சிறிய அணுக்கள் அங்கு வந்து ஒட்டுகின்றன. அவை வெளியிடும் சில பொருள்கள் மேலும் பல தட்டணுக்களை அழைத்து ஒன்றோடொன்று பிணைக்கின்றன. இது முதற்படி. இரத்தத்தில் கரைந்துள்ள உறைதற் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் பைப்ரின் என்னும் நார்வலையைப் பின்னுவது இரண்டாம் படி. காயம் ஆறுவதற்கு இரண்டும் வேண்டும். எனினும் இடத்திற்கேற்ப ஒன்று மேலோங்கும். இரத்தம் விரைந்தோடும் தமனியில், கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில், தட்டணுக்களே முன்னிற்கின்றன. மாரடைப்பு பெரும்பாலும் இவ்வாறு நேர்கிறது. இரத்தம் தேங்கும் கால் சிரைகளிலும், ஒழுங்கின்றித் துடிக்கும் இதயத்தின் மேலறையிலும் நார்வலையே மேலோங்குகிறது.

ஆஸ்பிரின் செய்வது என்ன?

தட்டணுக்கள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படுத்தும் பொருள்களுள் முக்கியமானது திராம்பாக்சேன். சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்னும் நொதியின் துணையால் அது உண்டாகிறது. ஆஸ்பிரின் தன் மூலக்கூற்றின் ஒரு பகுதியை அந்நொதியின்மேல் நிலையாகப் பதித்து, அதனை முடக்கிவிடுகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இத்தகைய பொருள்களின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் 1971இல் எடுத்துக்காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

விழுங்கிய ஆஸ்பிரினில் பாதி, ஏறத்தாழ 20 நிமிடங்களில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடுகிறது. ஆயினும் 75 மில்லிகிராம் மாத்திரை நாளொன்றுக்கு ஒன்று போதுமானதாக இருப்பதன் காரணம் தட்டணுவின் அமைப்பில் உள்ளது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆதலால் முடங்கிய நொதிக்கு ஈடாகப் புதியதை அதனால் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. தன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை அது அவ்வாறே இருக்கும். நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு அணுக்கள் புதிதாகத் தோன்றுவதால், மருந்தை நிறுத்திய சில நாள்களில் ஒட்டும் ஆற்றல் படிப்படியாகத் திரும்புகிறது. குளோப்பிடோகிரல் தட்டணுவின்மேல் உள்ள வேறொரு வாயிலை அடைக்கிறது. எனவே இதயத் தமனியில் உலோக வலைக்குழாய் பொருத்தியவர்களுக்கு இரண்டும் சில காலம் சேர்த்தே தரப்படுகின்றன.

உறைதலைத் தடுப்பவை

வார்பரின் தட்டணுக்களைத் தொடுவதில்லை. கல்லீரல் சில உறைதற் புரதங்களை முழுமையாக்குவதற்கு வைட்டமின் கே தேவை. அதன் மறுபயன்பாட்டை வார்பரின் தடுக்கிறது. முன்னரே இரத்தத்தில் உள்ள புரதங்கள் தீர வேண்டியிருப்பதால் முழுப்பயன் தெரிய ஏறத்தாழ 5 நாள்களாகும். உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும்போது அதுவரை ஹெபாரின் ஊசி போடப்படுகிறது. அப்பிக்சபான் போன்ற புதிய மருந்துகள் ஒரே ஓர் உறைதற் புரதத்தை நேராகத் தடுப்பதால் சில மணி நேரத்திலேயே செயற்படுகின்றன.

ஆய்வுகள் காட்டுவது

1988இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு ஏற்பட்ட நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒரு மாதம் தரப்பட்டது. ஐந்து வாரங்களில் இதய, இரத்தக் குழாய்க் காரணங்களால் இறந்தோர் ஆஸ்பிரின் பெறாதவருள் 11.8 சதவீதம், பெற்றவருள் 9.4 சதவீதம்.

இதயத்தின் மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் நோயிலோ நிலைமை வேறு. இந்நோயுடையவர்களுள் வார்பரின் ஏற்காதவர்களிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. பக்கவாதமோ, பிற உறுப்புகளில் கட்டியால் அடைப்போ ஏற்பட்டவர்கள் ஆஸ்பிரின் பெற்றவருள் ஆண்டுக்கு 3.7 சதவீதம், அப்பிக்சபான் பெற்றவருள் 1.6 சதவீதம். பெரும் இரத்தக் கசிவு முறையே 1.2, 1.4 சதவீதம். ஆஸ்பிரின் ‘மெல்லிய’ மருந்து, ஆகவே முதியோருக்குப் பாதுகாப்பானது என்ற எண்ணத்திற்கு இவ்வாய்வு இடம் தரவில்லை. கசிவின் இடர் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, பாதுகாப்பு மட்டும் குறைந்தது.

கண்காணிப்பு

வார்பரினின் விளைவை ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை காட்டும். மேலறை நோயில் இம்மதிப்பு பொதுவாக 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். குறைந்தால் கட்டி உருவாகலாம். மிகுந்தால் கசிவு நேரலாம். உண்ணும் கீரையின் அளவு திடீரென மாறினாலும், வேறு மருந்து சேர்ந்தாலும் மதிப்பு மாறும். மிகுந்துவிட்டால் வைட்டமின் கே கொடுத்துக் குறைக்கலாம். ஆஸ்பிரின் உண்பவரிடம் இப்பரிசோதனை எதையும் காட்டாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை, புதிய தட்டணுக்கள் தோன்றும்வரை காத்திருத்தலே பொதுவான வழி. கறுத்த மலம் இருவகை மருந்துகளிலும் வயிற்றுக் கசிவின் அறிகுறியாகலாம்; அப்போது உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும். ஆயினும் தாமாக மருந்தை நிறுத்துவதோ, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை உண்பதோ, எந்தக் கட்டியைத் தடுக்க மருந்து தரப்பட்டதோ அதற்கே வழிவிட்டதாகும்.