தம்பியின் தோலும் வெயிலும்

நாலாம் வகுப்பு படிக்கும் என் தம்பிக்கு அல்பினிசம். தோலுக்கு நிறம் தந்து வெயிலிலிருந்து காக்கும் மெலனின் அவனுக்குப் பிறவியிலேயே மிகக் குறைவு. அதனால் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போடுவான். கிளம்புமுன் காது, பின்கழுத்து வரை எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் தடவுவோம். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் தடவணும்.

போன வருஷம் அவன் கன்னத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. "வெயில் பட்ட அடையாளம்தான், ஆனா கவனிச்சுக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர். அவனுக்கு மச்சம் கறுப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பாகவும் இருக்கலாமாம், சட்டென்று கண்ணில் படாது. அதனால் மாதம் ஒருமுறை அம்மா அவன் உடம்பு முழுக்கப் பார்ப்பார். புள்ளி பெரிதானாலோ, ரத்தம் கசிந்தாலோ, புண் 4 வாரத்தில் ஆறாவிட்டாலோ உடனே தோல் டாக்டரிடம் காட்டணும். அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம்.

பிரேயரில் அவனுக்கு நிழல் பக்கம் இடம் விடுங்கள்!