மாடி போர்ஷனுக்கு ஒரு கடிதம்

மதுரையில் மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு பெரியவர், குடியிருப்பவருக்கு எழுதுகிறார்: "தம்பி, மகள் கைக்குழந்தையோடு ஊர் திரும்புகிறாள், அவள் குடும்பத்துக்கு மாடி வேண்டியிருக்கிறது. ஒப்பந்தப்படி இரண்டு மாத அவகாசம் தருகிறேன். ஜூன் 30-க்குள் காலி செய்து தாருங்கள். அட்வான்ஸ் 30,000 ரூபாயைச் சாவி வாங்கும் அன்றே தந்துவிடுகிறேன்."

யாருக்காக வீடு தேவை என்று சொன்னதுதான் இதன் பலம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் உரிமையாளரின் சொந்தத் தேவையை ஏற்கிறது. மொட்டையாக "வீடு வேண்டும்" என்றால் பிறகு நிரூபிக்கத் திணற நேரிடும். கையெழுத்திட்ட கடிதம் ஒப்புகையோடு தபாலில் போகட்டும். ஏப்ரல் 30-க்குள் அவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும்.

கெடு தாண்டியும் காலி செய்யாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடுவதே வழி. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டமீறல்.