நூறு சொல் கேட்கும் பெட்டி

ஆன்லைன் வகுப்பில் ஒரு பாடம் முடிந்ததும் திரையில் ஒரு பெட்டி வருகிறது. ‘இந்தப் பாடத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள்? குறைந்தது 100 சொற்களில் எழுதுங்கள்.’ ஒரு மாணவி யோசித்து நான்கு வாக்கியம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குக் கீழே 38/100 என்று சிவப்பில் தெரிகிறது. சப்மிட் பட்டன் மங்கலாகவே இருக்கிறது, அழுத்தினாலும் அசையவில்லை. தெரிந்ததை எழுதியாயிற்று, அடுத்த பாடம் திறக்க இன்னும் 62 சொல் வேண்டும். விரல்கள் கீபோர்டின் நடு வரிசைக்குப் போகின்றன.

```
asdf jkl asd fgh jk asdf lkj sdf
```

எண்ணிக்கை 46 ஆகிவிடுகிறது. இதே வரியை இன்னும் ஏழு தடவை தட்டினால் நூறு தாண்டிவிடும், பட்டனும் திறந்துவிடும். கல்லூரிப் பாடத்தில், வேலை விண்ணப்பத்தில், பயிற்சி முடிந்ததும் கேட்கும் கருத்துப் படிவத்தில் என்று குறைந்தபட்ச அளவு வைத்த இடத்திலெல்லாம் இது நடக்கிறது. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த எழுத்துக் குப்பையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், கேள்வி கேட்டவர் எங்கே தவறினார் என்பதும் அதில் தெரியும்.

முதலில், பெட்டி எப்படி எண்ணுகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான சொல் எண்ணிகளின் உள்ளே இருப்பது இதுபோன்ற ஒரே ஒரு வரிதான்:

```
text.trim().split(/\s+/).length
```

முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கு, இடைவெளி வரும் இடத்திலெல்லாம் வெட்டு, எத்தனை துண்டு என்று எண்ணு. அவ்வளவுதான். அதனிடம் அகராதி கிடையாது. ‘சோழர்’ என்பதும் ஒரு துண்டு, ‘asdf’ என்பதும் ஒரு துண்டு. ஒற்றை எழுத்தைத் தட்டி ஒரு இடைவெளி விட்டால் அதுவும் ஒரு சொல்லாகிவிடும். ஆக, மீதமிருக்கும் 62 சொல்லுக்கு 124 தட்டல் போதும், ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதே 62 சொல்லை அர்த்தத்தோடு எழுத வேண்டுமானால் பாடத்தை மறுபடி புரட்டி, யோசித்து, வாக்கியம் அமைக்க வேண்டும். பெட்டி இரண்டுக்கும் ஒரே பட்டனைத்தான் திறக்கிறது.

சொற்களை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணும் பெட்டிகளும் உண்டு. ‘குறைந்தது 500 எழுத்துகள்’ என்று கேட்டால் இடைவெளிகூடத் தேவையில்லை. ஒரே விசையை அழுத்திப் பிடித்தால் ‘aaaaaa’ என்று தானாக ஓடும். அதனால் வந்திருக்கும் குப்பையின் வடிவத்தை வைத்தே பெட்டியில் என்ன விதி இருந்தது என்று சொல்லிவிடலாம். துண்டு துண்டாக இருந்தால் சொல் கணக்கு, ஒரே நீளமாக ஓடினால் எழுத்துக் கணக்கு.

இதைக் கண்டுபிடிப்பது முடியாத காரியமல்ல. மனிதர் கண்டபடி தட்டுவது உண்மையில் கண்டபடி இருப்பதில்லை. விரல்கள் நடு வரிசையிலேயே நிற்கும். ஆங்கில கீபோர்டின் நடு வரிசையில் உள்ள ஒரே உயிரெழுத்து A. மற்ற நான்கும் மேல் வரிசையில் இருக்கின்றன. சாதாரண ஆங்கில உரையில் பத்து எழுத்துக்கு ஏறக்குறைய நான்கு உயிரெழுத்து வரும், தட்டிய குப்பையில் அது வெகுவாகக் குறைந்துவிடும். இதைக் கணக்கிட்டுத் தடுக்க ஒரு வடிகட்டி எழுதலாம். சொற்களை அகராதியோடு ஒப்பிட்டும் தடுக்கலாம். ஆனால் ஆங்கில அகராதி வைத்த வடிகட்டி, ‘naan nalla padichen’ என்று நேர்மையாகத் தங்கிலீஷில் எழுதியவரையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

வடிகட்டி இறுகினால் குப்பையும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். 2020-இல் கொரோனா காலத்து ஆன்லைன் பள்ளியில் அமெரிக்காவில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. எட்ஜெனுவிட்டி என்ற பாடத்தளத்தில் ஒரு மாணவர் வரலாற்றுக் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பிய உடனே மதிப்பெண் வந்துவிட்டது. அதிலிருந்தே ஆசிரியர் யாரும் படிக்கவில்லை என்று வரலாற்றுப் பேராசிரியரான அவருடைய தாய் ஊகித்தார். பிறகு மாணவர் ஓரிரு முழு வாக்கியம் எழுதி, அதன் பின்னால் கேள்வியோடு தொடர்புள்ள சொற்களை வாக்கியமாகக்கூட இல்லாமல் வரிசையாகக் கொட்டினார். முழு மதிப்பெண் கிடைத்தது. ‘asdf’ போன இடத்தில் பாடச் சொற்களின் குவியல் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

ஆகவே தடுப்பதை விட, குப்பை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

முதல் எழுத்திலிருந்தே ‘asdf’ என்றால், எழுதியவருக்கு அந்தக் கேள்வியில் ஈடுபாடே இல்லை. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நிரப்பியிருக்கலாம். பதிலை யாரும் படிக்கப்போவதில்லை என்று முன்பே தெரிந்துகொண்டவராகவும் இருக்கலாம். நல்ல பதிலுக்கு நடுவில் குப்பை வந்தால், படிப்பவர் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்ப்பார் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நேர்மையான பதில் முடிந்த பிறகு குப்பை தொடங்கினால் கதை வேறு. நம் மாணவி செய்தது இதுதான். அவரிடம் சொல்ல ஏதோ இருந்தது, அதைச் சொல்லியும் விட்டார். கேள்விக்குத் தேவைப்பட்டது 38 சொல், கேட்டவர் நூறு கேட்டுவிட்டார். இங்கே பிழை அந்த எண்ணில்தான் இருக்கிறது.

கருத்துக்கணிப்புகளை ஆராய்ந்த ஜான் க்ரோஸ்னிக் என்ற உளவியலாளர் 1991-இல் இதற்கு நெருக்கமான ஒன்றை எழுதினார். பதில் சொல்பவர் எப்போது முழு உழைப்பையும் போடாமல் ஒப்பேற்றிவிட்டுப் போகிறார் என்பதற்கு மூன்று காரணங்களைச் சொன்னார்: கேள்வியின் கடினம், பதில் சொல்பவரின் திறன், அவருடைய ஆர்வம். குறைந்தபட்சச் சொல் விதி இந்த மூன்றில் கடினத்தை மட்டும் கூட்டுகிறது. திறனையும் ஆர்வத்தையும் அது தொடுவதே இல்லை.

தமிழில் எழுதுபவருக்கு இதில் கூடுதலாக ஒரு அநியாயமும் நடக்கிறது. ‘என்னால் வரமுடியவில்லை’ என்று எழுதினால் பெட்டிக்கு அது இரண்டு சொல். அதே செய்தியை ஆங்கிலத்தில் ஆறு சொல்லில் எழுதலாம். ஆங்கிலத்துக்கென்று போட்ட 100 என்ற எண்ணை அப்படியே தமிழ்ப் பெட்டிக்கும் வைத்தால், அதே அளவு விஷயத்தைச் சொன்ன மாணவர் பாதி வழியில் நின்றுவிடுவார். மீதியை எதைக் கொண்டு நிரப்புவார்? தேர்வுத் தாளில் அடிஷனல் ஷீட் வாங்குவதற்காக எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு நாலு சொல் எழுதும் அதே நெருக்கடிதான் இது.

மாற்று வழி உண்டு. ஜோலின் ஸ்மித், டான் தில்மன் முதலானோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இணையப் படிவத்தில் ஒரு பதில் ஏன் முக்கியம் என்று கேள்வியோடு சேர்த்து விளக்கியபோது பதில்களின் தரம் கூடியதைக் கண்டார்கள். எந்தப் பூட்டும் போடாமலே இது நடந்தது.

நம் மாணவியின் கேள்வியையே மாற்றிப் பார்க்கலாம். ‘என்ன கற்றுக்கொண்டீர்கள்?’ என்பதற்குப் பதிலாக, ‘இந்தப் பாடத்தில் உங்களுக்குப் புரியாமல் நின்ற இடம் எது? அடுத்த வகுப்பை அதிலிருந்துதான் தொடங்குவேன்’ என்று ஆசிரியர் கேட்டால் இருபது சொல்லே போதும். அந்த இருபதும் அவருக்குப் பயன்படும், அடுத்த வகுப்பு உண்மையிலேயே அங்கிருந்து தொடங்கினால் மாணவிக்கும் எழுதக் காரணம் கிடைக்கும்.

படிவம் தயாரிக்கும் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒன்று செய்யுங்கள். கடைசியாக வந்த பதில்களைத் திறந்து, உண்மையான பதில் எத்தனையாவது சொல்லில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை நாற்பதில் நின்றால் உங்கள் கேள்வியின் அளவு நாற்பதுதான். எண்ணை அதற்குக் குறையுங்கள், அல்லது நூறு சொல் தேவைப்படும் கேள்வியாகக் கேளுங்கள். பதில்களை நீங்களே படிக்கப்போவதில்லை என்றால், அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள்.