பட்டையை எங்கே வெட்டுவது? இரண்டு படிக் கணக்கும் பார் மாடலும்

சிங்கப்பூரில் பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பும் நம்மூர் எஞ்சினியர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். நான்காம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் பிள்ளை கொண்டுவந்து நீட்டும். நாம் உடனே "எக்ஸ்னு வெச்சுக்கோ" என்று ஆரம்பிப்போம். பிள்ளை முழிக்கும். "டீச்சர் மாடல் போடச் சொன்னாங்க"ன்னு சொல்லும். நாம் அந்தச் செவ்வகங்களைப் பார்த்து முழிப்போம்.

நானும் அப்படி முழித்தவன்தான். பிறகு வாரக் கடைசியில் ஐந்தாறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனபோது, இந்தச் செவ்வகங்களை ஒழுங்காகக் கற்க வேண்டியதாயிற்று. அதில் ஒரே ஒரு வகைக் கணக்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு படியில் முடியும் ஒப்பீட்டுக் கணக்கு.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1980களில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் பாடத்திட்டக் குழு ஒன்று, கோ டெக் ஹோங் என்பவர் தலைமையில், வாக்கியக் கணக்குகளில் திணறும் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய முறை இது. முதலில் கையில் பிடிக்கும் பொருள், அடுத்து படம், கடைசியில் எண்ணும் குறியும் என்பதுதான் வரிசை. பார் மாடல் நடுவில் வரும் அந்தப் படம். அடிப்படையில் இரண்டே வகை. ஒரே பட்டையைத் துண்டுகளாகப் பிரிப்பது பகுதி-முழுமை மாடல். இரண்டு பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பது ஒப்பீட்டு மாடல்.

இப்போது கணக்கு:

"ராஜுவிடம் 84 ஸ்டிக்கர்கள் உள்ளன. இது மெய்லிங்கிடம் உள்ளதை விட 26 அதிகம். இருவரிடமும் மொத்தம் எத்தனை?"

ஒரு பையன் படபடவென்று போட்டான். 84 + 26 = 110. பிறகு 84 + 110 = 194. கூட்டலில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் விடை தவறு. 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்தான், கூட்டிவிட்டான்.

இது அவனுக்கு மட்டும் வரும் தவறு இல்லை. 1987ல் லூயிஸ், மேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள். வாக்கியத்தில் 'அதிகம்' என்று இருந்து, செய்ய வேண்டியது கழித்தலாக இருந்தால் தவறுகள் கூடுகின்றன. அதுவும் குறிப்பாக, கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடம் மாறிப்போகும் தவறு. ஆக, பையனுக்குக் கணக்குத் தெரியவில்லை என்பதல்ல பிரச்சினை. யார் பெரியவர், யார் சின்னவர் என்ற படம் மனதில் விழுவதற்கு முன்பே கை கூட்டிவிடுகிறது.

சரி, மாடல் போடச் சொன்னேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? ஏற்கெனவே கண்டுபிடித்த 110ஐ மெய்லிங் பட்டையில் எழுதினான், 84ஐ ராஜு பட்டையில் எழுதினான், மேலே 194 போட்டான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது விடைக்குப் போட்ட அலங்காரம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு. படத்தில் எல்லா இடத்திலும் எண் இருக்கும், கேள்விக்குறி ஒன்றுகூட இருக்காது. யோசிப்பதற்காகப் போட்ட படத்தில் தெரியாத இடம் தெரியாததாகவே இருக்கும்.

அதனால் வரிசையை மாற்றினேன். கணக்கில் உள்ள எண்களை விரலால் மறைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். "ராஜுவிடம் ஏதோ கொஞ்சம் இருக்கு. அது மெய்லிங்கிட்ட இருக்கிறதை விட அதிகம்." அப்போ யாருகிட்ட ஜாஸ்தி? "ராஜுகிட்ட." அப்போ யாருடைய பட்டை நீளம்? "ராஜு." அவ்வளவுதான், இன்னும் ஒரு எண்ணும் எழுதவில்லை. இரண்டு பட்டைகளை மட்டும், இடது முனை ஒரே கோட்டில் இருக்கும்படி போடச் சொன்னேன். அதன் பிறகுதான் எண்கள்.

```
ராஜு
|==============|======|   84
மெய்லிங்
|==============|          ?
               |--26--|
```

இடது முனை ஒரே கோட்டில் இருப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒப்பீட்டு மாடலுக்கு உயிரே அதுதான். ஒரு பட்டை கொஞ்சம் தள்ளி ஆரம்பித்தால், வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு வித்தியாசத்தைக் காட்டாது. பிள்ளைகள் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு, 26ஐ மெய்லிங்கின் முழுப் பட்டைக்குள் எழுதிவிடுவது. அப்போது "இந்த 26 ஸ்டிக்கர் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டால் போதும். அது ராஜுவிடம்தான் இருக்கிறது, அவனுடைய 84க்குள்ளேயே. அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, ரூலர் எடுக்கவே வேண்டாம். பெரியது பெரிதாக, சமமானது ஏறக்குறைய சமமாக இருந்தால் சரி.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. 'விட' என்ற சொல் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அவர்தான் அளவுகோல். "மெய்லிங்கை விட" என்றால் மெய்லிங்கின் பட்டையை வைத்துத்தான் அளக்கிறோம். பள்ளியில் கணக்கு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்றாலும், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் கணக்கை ஒருமுறை தமிழில் சொல்லச் சொல்வேன். 'விட' எங்கே விழுகிறது என்பதைக் கேட்டாலே பட்டை எப்படி வரும் என்று தெரிந்துவிடும்.

இரண்டு படிக் கணக்கில் இன்னொரு பொறி, முதல் படியோடு நின்றுவிடுவது. 84 − 26 = 58 என்று கண்டுபிடித்துவிட்டு, அதன் கீழே கோடு போட்டு முடித்துவிடுவார்கள். அதனால் படத்தில் இரண்டு கேள்விக்குறி போடச் சொல்கிறேன். ஒன்று மெய்லிங் பட்டையின் அருகே. இன்னொன்று இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிடிக்கும் அடைப்புக்குறியின் பக்கத்தில், கொஞ்சம் பெரிதாக. சின்னது வழியில் வருவது, பெரியது கேட்கப்பட்டது. ஒவ்வொரு வரி கணக்கு போடும்போதும் "இது படத்தில் எது? விரல் வை" என்பேன். 58 என்றால் விரல் மெய்லிங் பட்டையில் இருக்க வேண்டும். 84 + 58 = 142 என்றால் பெரிய கேள்விக்குறியில். விரல் வைக்க இடமில்லாத வரி எதுவோ, அது தவறான வரி.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதே படத்தை வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் திருப்பிப் போட்டேன். "இருவரிடமும் சேர்த்து 142. ராஜுவிடம் மெய்லிங்கை விட 26 அதிகம். ஒவ்வொருவரிடமும் எத்தனை?"

ஒரு பெண் 142ஐ இரண்டால் வகுத்து 71 என்றாள். பிறகு ராஜுவுக்கு 71 + 26 = 97, மெய்லிங்குக்கு 71 − 26 = 45. கூட்டினால் 142 சரியாக வருகிறதே! அவள் விடமாட்டேன் என்றாள். 97க்கும் 45க்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டேன். 52. இருமடங்கு ஆகிவிட்டது.

ஏன் என்பது பட்டையில் அப்படியே தெரியும். இருவரும் 71, 71 என்று சமமாக இருக்கும்போது ஒருவரிடமிருந்து 26 எடுத்து மற்றவருக்குக் கொடுத்தால், ஒரு பட்டை 26 குறைகிறது, மற்றது 26 கூடுகிறது. இடைவெளி 52. வித்தியாசம் 26 வர வேண்டுமென்றால் பாதியை, அதாவது 13ஐ மட்டும் நகர்த்த வேண்டும். 71 + 13 = 84, 71 − 13 = 58. இது ஒரு வழி. பட்டை இயல்பாகக் காட்டும் வழி இன்னும் நேரானது. நீட்டிக்கொண்டிருக்கும் 26ஐ முதலில் வெட்டி எடு. 142 − 26 = 116. மிச்சம் இருப்பது இரண்டு சமமான பட்டைகள். 116 ÷ 2 = 58. ராஜுவுக்கு வெட்டிய துண்டைத் திருப்பிக் கொடு, 84.

நான் பழக்கதோஷத்தில் போடும் x + (x + 26) = 142 என்பதும் இதுதான். 26ஐ மறுபக்கம் கொண்டுபோவது என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது, அந்தத் துண்டை வெட்டுவது. 2x என்பது மிஞ்சிய இரண்டு சமப் பட்டைகள். எக்ஸ் என்பதற்கு ஒரு நீளம் இருக்கிறது என்று நாற்பது வயதில் ஒரு ஐந்தாம் வகுப்புப் படத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

இந்த முறைக்கு எல்லை இல்லையா என்றால், இருக்கிறது. பின்னம் வரும்போது அது தெரியும். "அலி தன் பணத்தில் 1/4 பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தான். மீதியில் 2/3 பங்குக்குப் புத்தகம் வாங்கினான். கையில் 15 வெள்ளி இருக்கிறது. முதலில் எவ்வளவு இருந்தது?" பட்டையை நான்காக வெட்டு. ஒரு துண்டு சாப்பாடு. மீதி மூன்றில் இரண்டு துண்டு புத்தகம். மிச்சம் ஒரு துண்டு 15 வெள்ளி. மொத்தம் 60. 'மீதியில்' என்ற சொல்லைத் தவறவிட்டு 1/4ஐயும் 2/3ஐயும் கூட்டினால் 11/12 வரும், மிச்சம் 1/12, விடை 180. படம் போட்டவர்கள் இந்தப் பள்ளத்தில் விழுவது குறைவு, ஏனென்றால் மீதி என்பது கண்முன் மூன்று துண்டாக நிற்கிறது.

ஆனால் இங்கே எண்கள் ஒத்துழைத்தன. அதே கணக்கில் 'மீதியில் 2/5' என்று மாற்றினால் மூன்று துண்டை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் ஐந்தாக வெட்டினால் முழுப் பட்டையில் 20 சின்னத் துண்டுகள், மீதியில் 15. செய்யலாம், ஆனால் தாளில் கசகசவென்றாகிவிடும். அந்த இடத்தில் பிள்ளையே "இதுக்கு வேற சின்ன வழி இல்லையா?"ன்னு கேட்கும். எக்ஸை எடுத்து நீட்ட வேண்டிய நேரம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நான் நான்காம் வகுப்பிலேயே நீட்டிவிட்டேன்.

194 போட்ட அந்தப் பையன் போன வாரம் ஒரு புதுக் கணக்கோடு வந்தான். பட்டை இரண்டையும் போட்டான், கேள்விக்குறி இரண்டையும் போட்டான். பென்சிலை வைத்துவிட்டு, விரலை நீட்டிய துண்டின்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு கழித்தான்.