படுக்கும் நேரத்துச் சர்க்கரையையும் கேளுங்கள்

வெறும் வயிற்றுச் சர்க்கரை 190 என்றால் இரவு இன்சுலினை 2 யூனிட் ஏற்றுவது இளம் மருத்துவர்களுக்குக் கைப்பழக்கம். பெரும்பாலும் அது சரியான பழக்கம்தான். ஆனால் அந்த 190 முந்தைய இரவு எந்த எண்ணிலிருந்து இறங்கி வந்தது என்று கேட்காமல் ஏற்றிக்கொண்டே போனால், இரவுச் சாப்பாடு குறைந்த ஏதோ ஒரு நாளில், விடியற்காலை மூன்று மணிக்கு நோயாளி வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காருவார்.

இந்த முறையில் இரண்டு வகை இன்சுலின் உண்டு. கிளார்ஜின் போன்றது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலின். கல்லீரல் இரவெல்லாம் ரத்தத்தில் விடும் சர்க்கரையைச் சமாளிப்பது அதன் வேலை. லிஸ்ப்ரோ, ஆஸ்பார்ட் போன்றவை சாப்பாட்டு வேளை இன்சுலின். தட்டில் வந்ததைக் கவனிப்பது அவற்றின் பொறுப்பு. அடிப்படை இன்சுலின் அளவாக இருந்தால், படுக்கும்போது இருந்த சர்க்கரை காலையிலும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க வேண்டும். காலை எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

72 கிலோ எடையுள்ள, சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் இரண்டாம் வகை சர்க்கரை நோயாளி ஒருவரை வைத்துப் பார்ப்போம். கிலோவுக்கு அரை யூனிட் கணக்கில் நாளுக்கு 36. (முதியவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் 0.2 அல்லது 0.3-இலிருந்து தொடங்குவது நல்லது.) பாதியான 18 யூனிட் அடிப்படை, மீதியை வேளைக்கு 6 என்று பிரித்துக் கொடுத்தாயிற்று. காலை எண் 196, 188, 192 என்று வர, மூன்று நாளைக்கு 2 யூனிட்டாக ஏற்றி ஏற்றி 28-க்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் காலையில் 152.

அப்போதுதான் இரவு அளவுகளைக் கேட்கிறார்கள். எட்டு மணிக்குச் சாப்பாடு. பதினோரு மணிக்கு 246, மூன்று மணிக்கு 176, காலை 152. ஒரே இரவில் 94 இறங்கியிருக்கிறது. 50-க்கு மேல் இறங்கினாலே அடிப்படை இன்சுலின் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். இவருக்குக் குறை இரவுச் சாப்பாட்டு ஊசியில். அந்தக் குறையை அடிப்படை இன்சுலின் இரவெல்லாம் இழுத்து இறக்குகிறது. சாப்பிடாமல் படுத்தால் அதே 28 யூனிட் அவரை 60-க்குக் கீழே தள்ளிவிடும்.

எனவே அடிப்படை 28-இலிருந்து 24-க்கு இறங்குகிறது. இரவு வேளை ஊசி 6-இலிருந்து 8, சில நாள் பார்த்துவிட்டு 10. படுக்கும்போது 150-ஐ ஒட்டி, காலையில் 120-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. நாளின் மொத்தம் முன்பும் 46, இப்போதும் 46. பங்குதான் மாறியது.

இந்த மொத்தத்திலிருந்துதான் திருத்த அளவும் பிறக்கிறது. 1800-ஐ நாளின் மொத்த யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட் வேகச்செயல் இன்சுலின் எவ்வளவு சர்க்கரையை இறக்கும் என்று தோராயமாகத் தெரியும். (பழைய ரெகுலர் இன்சுலினுக்கு 1500.) இவருக்கு 1800-ஐ 46-ஆல் வகுக்க, சுமார் 40. மதியச் சாப்பாட்டுக்கு முன் 240, இலக்கு 120 என்றால் அதிகம் 120. அதற்கு 3 யூனிட். வழக்கமான 6-உடன் சேர்த்து 9 போட வேண்டும். மொத்தம் மாறினால் இந்த 40-ஐயும் திரும்பக் கணக்கிட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தினமும் மதியத்துக்கு முன் 3 யூனிட் திருத்தம் தேவைப்படுகிறது என்றால், காலைச் சிற்றுண்டி ஊசி போதவில்லை என்று பொருள். அதைத்தான் ஏற்ற வேண்டும். மதியத்தில் திருத்திக்கொண்டே இருந்தால் காலை முழுவதும் அவர் 200-க்கு மேல்தான் இருப்பார்.

இரவுத் திருத்தத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். பத்தரைக்கு 3 யூனிட் போட்டு, பன்னிரண்டுக்கும் 230 இருக்கிறதே என்று இன்னொரு 3 போடுவார்கள். முதல் ஊசி நான்கு மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து அடிப்பது எல்லோரும் தூங்கும் நேரத்தில். படுக்கும் நேரத்தில் கணக்கில் பாதியே போதும்.

ஏற்றி ஏற்றியும் எண் அசையவில்லையா? ஊசியை வாங்கிப் பாருங்கள். நம் ஊர்க் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். இந்தத் தவறைக் கவனிக்காமல் ஏற்றிய அளவு, சரியான சிரிஞ்சு கைக்கு வந்த நாளில் ஆபத்தாகிவிடும்.

காலையில் 70-க்குக் கீழே வந்து, காரணமும் புரியவில்லை என்றால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். அன்று இரவே அடிப்படையை 10 முதல் 20 சதவீதம் குறைக்க வேண்டும். முதல் வகை நோயாளியானால் குறைக்கலாமே தவிர அடியோடு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும்.